நிறம் எழுதிய பேரேடு – 6: அப்பாவின் ரத்தம் செல்லாது

1966 மார்ச் மாதம். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் மாகாணத்தில், ஸ்வாசிலாந்து எல்லையை ஒட்டிய பீட் ரெட்டீஃப் என்னும் சிற்றூர். அங்கே வெள்ளையருக்கான பள்ளியின் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள் 10 வயதுச் சிறுமி சாண்ட்ரா லைங். அவளை வீட்டுக்குக் கொண்டுபோய் விட இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள்.

அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. யாரும் அவள்மீது திருட்டுப் பழி சுமத்தவில்லை. அவளுடைய தோல் சற்றுக் கறுத்திருந்தது. தலைமுடி இறுக்கமாகச் சுருண்டிருந்தது. அவ்வளவுதான். மற்ற பிள்ளைகளின் பெற்றோர்கள் முறையிட்டிருந்தார்கள். எங்கோ ஓர் அலுவலகத்தில் அவள் பெயருக்கு நேரே இருந்த 'வெள்ளையர்' என்ற சொல்லை அடித்துவிட்டு, 'கலர்டு' என்று எழுதியிருந்தார்கள். அதாவது, கலப்பினத்தவள். கலப்பினத்தவளுக்கு வெள்ளையர் பள்ளியில் இடமில்லை.

வீட்டில் அப்பா ஆபிரகாம், அம்மா சானி. இருவரும் வெள்ளையர்கள், ஆப்பிரிகானர்கள். இந்த இன ஒதுக்கல் ஆட்சியைக் கொண்டுவந்த தேசியக் கட்சிக்கே ஆதரவாக நின்றவர்கள். சாண்ட்ரா அவர்கள் பெற்ற பெண். அண்ணன் வெள்ளையர், தம்பி வெள்ளையர். நடுவில் பிறந்த இவள் மட்டும் சட்டப்படி வேறு இனம்!

இது எப்படிச் சாத்தியம்? ஒரே தாய், ஒரே தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைகளை ஓர் அரசாங்கம் எந்தச் சட்டத்தைக் கொண்டு இரண்டு இனமாகப் பிரித்தது? அதைப் புரிந்துகொள்ள நாம் 16 ஆண்டுகள் பின்னால் போகவேண்டும்.

பெயர் பதிவு செய்யும் சட்டம்

1948 தேர்தலில் டி. எஃப். மலானின் தேசியக் கட்சி எப்படி ஆட்சியைப் பிடித்தது என்று சென்ற வாரம் பார்த்தோம். அடுத்த ஆண்டே வெள்ளையரும் மற்றவரும் மணம் செய்யத் தடை வந்தது. 1950இல் யார் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று வரையறுக்கும் குழுப் பகுதிகள் சட்டம் வந்தது. ஆனால் இந்தச் சட்டங்களுக்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி நின்றது. யார் வெள்ளையர், யார் இல்லை என்பதை முதலில் முடிவுசெய்தால்தானே அவர்களைப் பிரித்து வைக்க முடியும்?

அதற்காக வந்ததுதான் 1950ஆம் ஆண்டின் மக்கள் பதிவுச் சட்டம். நாட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் ஒரே பேரேட்டில் ஏற்றி, பெயருக்கு நேரே இனத்தை எழுதவேண்டும் என்றது அது. 1951இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதற்கு அடித்தளம். கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்று பார்த்து எழுதிக்கொண்டு போன ஒரு சொல், அந்தக் குடும்பத்தின் வீடு, பள்ளி, வேலை, கல்யாணம், கல்லறை எல்லாவற்றையும் முடிவு செய்தது.

சட்டம் மூன்று பெட்டிகள் வைத்திருந்தது. வெள்ளையர் முதல் பெட்டி. 'நேட்டிவ்' எனப்பட்ட கறுப்பினத்தவர் இரண்டாவது. இந்த இரண்டிலும் சேராத எல்லோரும் மூன்றாவது பெட்டியில், 'கலர்டு'. பிறகு 1959இல் அந்த மூன்றாவது பெட்டியைக் கேப் கலர்டு, மலாய், கிரிக்வா, சீனர், இந்தியர் என்று மேலும் தடுத்தார்கள். 1860இலிருந்து நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேறிப்போன நம் தமிழர்களின் பேரப்பிள்ளைகள், 'இந்தியர்' என்று எழுதப்பட்டது அங்கேதான்.

சரி, வெள்ளையர் என்றால் யார்? சட்டம் சொன்ன இலக்கணம் இது: தோற்றத்தில் வெளிப்படையாக வெள்ளையராக இருப்பவர், அல்லது வெள்ளையர் என்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர். ஆனால் பார்க்க வெள்ளையாகவே இருந்தாலும், ஊரார் அவரைக் கலப்பினத்தவராகவே ஏற்றிருந்தால் அவர் வெள்ளையர் அல்ல.

இரண்டே அளவுகோல்கள். ஒன்று தோற்றம், மற்றொன்று ஊர் வாய். அப்பா அம்மா யார், தாத்தா பாட்டி யார் என்று இந்த வரையறை கேட்கவே இல்லை. ரத்தத்தின் தூய்மையைப் பற்றி மேடைதோறும் முழங்கிய ஒரு கட்சி, சட்டம் எழுதும்போது ரத்தத்தை மட்டும் ஏன் தொடாமல் விட்டது?

தொடப் பயந்த இடம்

காரணம், கேப் டவுனின் பழைய வரலாற்றில் இருக்கிறது. 1652இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே குடியேற்றம் அமைத்தது. வேலைக்கு அடிமைகளைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கியது. மடகாஸ்கரிலிருந்து, இந்தோனேசியத் தீவுகளிலிருந்து, இலங்கையிலிருந்து, வங்கத்திலிருந்து, நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் அந்த அடிமைகள் வந்தார்கள். ஐரோப்பியப் பெண்கள் மிகக் குறைவாக இருந்த காலம் அது. குடியேறிய வெள்ளையர்கள் பலர் விடுதலை பெற்ற அடிமைப் பெண்களை மணந்தார்கள். மணக்காமலும் பிள்ளைகள் பிறந்தன.

ஒரு சான்று போதும். ஆப்பிரிகானர் தேசியத்தின் அறிவுத் தொட்டில் என்று சொல்லப்படும் ஊர் ஸ்டெல்லன்போஷ். மலான் படித்தது அங்கே. 1958இல் பிரதமரான வெர்வூர்டு படித்ததும் பேராசிரியராக இருந்ததும் அங்கேதான். அந்த ஊர் தன் பெயரைப் பெற்றது, கேப் குடியேற்றத்தின் ஆளுநர் சைமன் வான் டெர் ஸ்டெல் என்பவரிடமிருந்து. அவருடைய தாயைப் பெற்ற பாட்டி, விடுதலை பெற்ற ஓர் இந்திய அடிமைப் பெண்.

வம்சாவளியை அளவுகோலாக வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டினால் மதிப்பான வெள்ளைக் குடும்பங்கள் பலவும் சரிந்திருக்கும். அதனால்தான் சட்டம் முன்னோரை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தது. முகம் குழப்பினால் அக்கம்பக்கத்தைக் கேட்டது. 1950இல் வெள்ளையராக வாழ்ந்துகொண்டிருந்த குடும்பங்களை அப்படியே காப்பாற்றிவிட்டு, அவர்களுக்குப் பின்னால் கதவைச் சாத்தவே இந்த ஏற்பாடு.

ஆனால் சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் நின்றவர்களின் கதி?

தெருவில் அம்மாவைப் பார்த்தால்

'பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்' என்ற சொற்களை நிதானமாகப் படித்துப்பாருங்கள். ஒருவர் வெள்ளையர் என்பதற்கு ஆதாரம் அவருடைய உடம்பில் இல்லை, மற்றவர்கள் வாயில் இருக்கிறது. முதலாளி சாட்சி சொல்லவேண்டும். பாதிரியார் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லவேண்டும். எந்தப் பெட்டியில் ரயிலேறினார், எந்தத் திரையரங்குக்குப் போனார், எந்தத் தேவாலயத்தில் உட்கார்ந்தார் என்பதெல்லாம் வழக்கில் ஆதாரம்.

அப்படியானால் எதிர்த்தரப்பு ஆதாரம் எது? அவர் யாரோடு பழகுகிறார் என்பது. கேப் டவுனில் நிறம் வெளுத்துப் பிறந்த கலப்பினத்தவர் பலர், வெள்ளையருக்கான வேலையில் சேர்ந்து, வெள்ளையர் தெருவில் வீடெடுத்து, வெள்ளையராகவே வாழ்ந்துவந்தார்கள். அவர்களுக்குச் சட்டம் விதித்த விலை கொடுமையானது. நிறம் கறுத்த அக்கா வீட்டுக்கு வந்தால் ஆபத்து. அம்மாவை வீதியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகவேண்டும். ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களோடு நின்றது தெரிந்தால் அதுவே கலப்பினத்தவராக 'ஏற்றுக்கொள்ளப்பட்டதற்கு' சாட்சி.

இன்னொரு கொடுமையும் இருந்தது. உங்கள் பெயருக்கு நேரே எழுதியிருப்பது தவறு என்று வேறொருவர் மனுப் போடலாம். முன் பணம் கட்டினால் போதும். மனு, இன வகைப்பாட்டு வாரியத்துக்குப் போகும். வாரியம் மூடிய அறையில் விசாரிக்கும். வேலிச் சண்டையும் வேலையிடத்துப் பொறாமையும் ஒருவருடைய இனத்தை மாற்றிவிடக் கூடிய ஆயுதங்களாகிவிட்டன.

சட்டத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான். அலுவலக மேசையில் நடந்ததோ எந்தச் சட்டத்திலும் எழுதாத ஒன்று.

முடியில் செருகிய பென்சில்

1955இல் ஜோகன்னஸ்பர்கில் கலப்பினத்தவர் பலரை வகைப்படுத்தும் அலுவலகத்துக்கு வரவழைத்தார்கள். மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. அவருக்கு மானுடவியல் படிப்போ மருத்துவப் பயிற்சியோ கிடையாது. கறுப்பர் எப்படி இருப்பார், கலப்பினத்தவர் எப்படி இருப்பார் என்பது தனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும் என்ற நம்பிக்கை ஒன்றே அவருடைய தகுதி.

அவர் பார்ப்பார். எழுந்து வந்து காது மடலை நசுக்குவார், கறுப்பர்களின் காது மடல் மெத்தென்று இருக்கும் என்பது அதிகாரிகளிடையே ஒரு நம்பிக்கை. நகக்கண்களைப் பார்ப்பார். கண்ணிமையைப் பார்ப்பார். பிறகு கேள்விகள் வரும். விளையாடுவது கால்பந்தா, ரக்பியா? படுப்பது கட்டிலிலா, தரையிலா? காலையில் என்ன சாப்பிடுகிறாய்? கால்பந்து என்றால் கறுப்பர் பக்கம் ஒரு புள்ளி, ரக்பி என்றால் மறுபக்கம் ஒரு புள்ளி.

பென்சில் சோதனை இவற்றில் பேர்போனது. ஒரு பென்சிலை எடுத்துத் தலைமுடிக்குள் செருகுவார்கள். கீழே விழுந்துவிட்டால் முடி நேரானது, வெள்ளையர் பக்கம். சிக்கி நின்றால் வெள்ளையர் இல்லை. கலப்பினத்தவரா கறுப்பரா என்ற சந்தேகம் வந்தால் தலையை ஆட்டச் சொல்வார்கள். ஆட்டும்போது விழுந்தால் கலப்பினத்தவர், விழாவிட்டால் கறுப்பர். சட்டப் புத்தகத்தில் பென்சில் என்ற சொல்லே கிடையாது. 'தோற்றத்தில் வெளிப்படையாக' என்று மட்டும் எழுதிவிட்டு, அந்த வெளிப்படை எது என்பதை நாடாளுமன்றம் குமாஸ்தாவிடம் விட்டிருந்தது. குமாஸ்தா சட்டைப் பையிலிருந்ததை எடுத்தார்.

அன்று கலப்பினத்தவராக உள்ளே போய்க் கறுப்பராக வெளியே வந்தவர்கள் இருந்தார்கள். அந்த ஒரு சொல் மாறினால் என்ன ஆகும் தெரியுமா? ஆண்கள் கையில் எந்நேரமும் பாஸ் புத்தகம் இருக்கவேண்டும். நகரத்தில் தங்க உரிமை இல்லாத கறுப்பர், அனுமதியில்லாமல் 72 மணி நேரத்துக்கு மேல் அங்கே தங்கக்கூடாது. வீடு போகும், வேலை போகும். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் முடி சுருண்டவர் ஒரு பக்கம், சுருளாதவர் மறுபக்கம் என்று பிரிந்தார்கள். மறுபடி வாதாட வாரியத்துக்குப் போகவேண்டும். அதற்குக் காசு வேண்டும், வக்கீல் வேண்டும், சாட்சி சொல்ல வெள்ளையர்கள் வேண்டும்.

வாரியத்துக்குப் போனவர்களில் சிலர் வெல்லவும் செய்தார்கள். அந்த வெற்றிகள்தான் அரசாங்கத்தைக் கலவரப்படுத்தின.

1962: ஓட்டையை அடைத்தார்கள்

டர்பனில் ஒரு சீனர் இருந்தார். பெயர் டேவிட் சாங். வெள்ளையரோடு வாழ்ந்து, வெள்ளையரோடு பழகிவந்தவர். என்னை வெள்ளையர் என்றே எல்லோரும் ஏற்றிருக்கிறார்கள் என்று சாட்சிகளோடு போய் நின்றார். 1950 சட்டம் 'தோற்றம் அல்லது ஏற்பு' என்றுதானே சொன்னது? ஏற்பு நிரூபணமாகிவிட்டது. அவரை வெள்ளையர் என்று வகைப்படுத்தவேண்டி வந்தது!

அரசாங்கம் அதிர்ந்தது. 1962இல் வரையறையைத் திருத்தியது. இனிமேல் தோற்றம் மட்டும் போதாது, ஏற்பு மட்டும் போதாது. வெள்ளையர் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டவராக இருந்தாலும், தோற்றத்தில் வெளிப்படையாக வெள்ளையர் அல்லாதவராக இருந்தால் அவர் வெள்ளையர் அல்ல. கூடவே, தோற்றத்தை எடைபோடும்போது பழக்கவழக்கம், படிப்பு, பேச்சு, நடை, தோரணை ஆகியவற்றையும் கணக்கில் கொள்ளவேண்டும் என்று எழுதினார்கள். ஒருவர் எப்படி நடக்கிறார் என்பதும் சட்டப்படி அவருடைய தோற்றத்தின் பகுதியாயிற்று.

இந்தத் திருத்தத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பீட் ரெட்டீஃபுக்குத் திரும்புவோம். சாண்ட்ரா சிக்கியது இந்த வலையில்தான்.

ஒரு தகப்பனின் வழக்கு

சாண்ட்ராவுக்குச் சட்டத்தைப் பொருத்திப்பாருங்கள். அவளை வெள்ளைக் குடும்பம் ஒன்று தன் மகளாக ஏற்றிருந்தது. 1950 சட்டப்படி அது வலுவான வாதம். ஆனால் 1962க்குப் பிறகு, பார்த்தவுடன் 'வெள்ளையர் அல்ல' என்று அதிகாரி சொல்லிவிட்டால் ஏற்பு ஒன்றுக்கும் உதவாது. பெற்ற தாயும் தகப்பனும் தங்கள் மகள் என்று சொல்வதைவிட, பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிந்த சுருட்டை முடிக்கு எடை அதிகம்.

ஊர் என்ன பேசியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சானியின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார்கள். ஆபிரகாம் விடவில்லை. மரபணுச் சோதனை வராத காலம் அது. ரத்தப் பிரிவுச் சோதனை மட்டும் இருந்தது. அது 'இவர் தகப்பனாக இருக்கவே முடியாது' என்று சில வேளைகளில் அடித்துச் சொல்லும், 'இவர்தான் தகப்பன்' என்று உறுதியாகச் சொல்லாது. ஆபிரகாம் அந்தச் சோதனைக்குத் தன் ரத்தத்தைக் கொடுத்தார். அவர் சாண்ட்ராவின் தகப்பன் என்பதோடு முடிவு ஒத்துப்போனது.

ஆனால் அந்த ரத்தத்தால் என்ன பயன்? சட்டம் ரத்தத்தைக் கேட்கவே இல்லையே! வெள்ளைக் குடும்பங்களின் பழைய பதிவேடுகளைக் காப்பாற்றுவதற்காக வம்சாவளியைத் தள்ளிவைத்த அதே சட்டம், இப்போது ஒரு வெள்ளைத் தகப்பனிடம் 'உன் ரத்தம் செல்லாது' என்றது. எங்கோ ஏழெட்டுத் தலைமுறைக்கு முன் கலந்து, குடும்பத்துக்கே மறந்துபோன ஒன்று அந்தக் குழந்தையின் முடியில் வெளிப்பட்டிருக்கலாம் என்று யோசிக்க அந்தச் சமூகம் தயாராக இல்லை. அப்படி யோசித்தால், ஊரில் எல்லோர் வீட்டுத் தொட்டிலையும் எட்டிப் பார்க்கவேண்டியிருக்கும்.

ஆபிரகாம் முறையீடு, வழக்கு என்று ஏறி இறங்கினார். செய்தி வெளிநாட்டுப் பத்திரிகைகள்வரை போனது. வெள்ளைப் பெற்றோர் இருவருக்குப் பிறந்த குழந்தையை அரசாங்கமே கைவிட்டது என்ற செய்தி, ஆட்சிக்கு வாக்களித்த மக்களையே உறுத்தியது. இன்று சாண்ட்ரா, நாளை யார் குழந்தை?

1967இல் நாடாளுமன்றம் மறுபடியும் சட்டத்தைத் திருத்தியது. இந்த முறை வம்சாவளி உள்ளே வந்தது. பெற்றோர் இருவரும் வெள்ளையர் என்று வகைப்படுத்தப்பட்டிருந்தால் பிள்ளையும் வெள்ளையர். கவனியுங்கள், இங்கேயும் முன்னோரின் ரத்தம் வரவில்லை. பெற்றோர் பெயருக்கு நேரே பேரேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதே வம்சாவளி. ஒரு காலத்தில் கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்று எழுதிய சொல், இனி பிள்ளைக்கும் பேரனுக்கும் பரம்பரைச் சொத்து.

அந்த ஜூலையில் சாண்ட்ரா மறுபடியும் வெள்ளையரானாள். அப்போது அவளுக்கு 11 வயது. இடைப்பட்ட காலத்தில் அவள் தோலோ முடியோ மாறவில்லை.

அதே மேசைக்கு முன்னால்

ஆபிரகாம் ஜெயித்துவிட்டார். கதை இங்கே முடிந்திருக்கவேண்டும். ஆனால் பேரேடு திருந்தினாலும் ஊர் திருந்தவில்லை. வெள்ளையர் பள்ளிகள் அவளைச் சேர்க்க மறுத்தன. வெள்ளைக் குழந்தைகள் அவளோடு விளையாட வரவில்லை. சட்டப்படி வெள்ளையரான அவளுக்கு, கறுப்பின மக்களிடையேதான் நட்பு கிடைத்தது.

16 வயதளவில் அவள் பெட்ரஸ் ஸ்வானே என்ற கறுப்பினத்தவரோடு ஸ்வாசிலாந்துக்குப் போய்விட்டாள். எல்லை தாண்டிய குற்றத்துக்காகச் சிறையில் இருந்தாள். மகளுக்காக நீதிமன்றம்வரை போராடிய ஆபிரகாம், அவளைக் கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார். அதன் பிறகு அவர் அவளைப் பார்க்கவே இல்லை.

சாண்ட்ராவுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்தன. அதோடு பேரேடு திரும்பவும் கதவைத் தட்டியது. அம்மா வெள்ளையர், குழந்தைகள் வெள்ளையர் அல்ல. வெவ்வேறு இனத்தவர் ஒரே வீட்டில் வாழச் சட்டம் இடம் தராது. குழந்தைகளைப் பிரித்துக்கொண்டு போய்விடுவோம் என்றார்கள் அதிகாரிகள்.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. அவள் தன்னைக் கலப்பினத்தவளாக மாற்றி எழுதுமாறு கேட்கவேண்டும். இந்த நாட்டில் இனம் மாற்றக் கேட்டவர்கள் பெரும்பாலும் மேலே போகக் கேட்டார்கள். 1985ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்த்தால், 702 கலப்பினத்தவர் வெள்ளையரானார்கள், 19 வெள்ளையர் கலப்பினத்தவரானார்கள். கறுப்பரிலிருந்து வெள்ளையரானவர் ஒருவர்கூட இல்லை, வெள்ளையரிலிருந்து கறுப்பரானவரும் இல்லை. அந்த அரிய எதிர்த்திசையில்தான் சாண்ட்ரா நடந்தாள். அப்பா எதை அழிக்கச் சொல்லிப் போராடினாரோ, அதே சொல்லைத் திரும்ப எழுதச் சொல்லி மனுக் கொடுத்தாள்.

மனுவுக்குத் தகப்பனின் சம்மதம் தேவைப்பட்டது. ஆபிரகாம் மறுத்துவிட்டார்.

இரண்டு குழந்தைகளையும் அவள் எப்படித் தன்னிடமே வைத்துக்கொண்டாள்? பேரேட்டில் அந்த ஒரு சொல்லை மாற்ற அவள் எத்தனை வயதுவரை காத்திருக்கவேண்டியிருந்தது? 1991இல் இந்தச் சட்டத்தையே நீக்கிய பிறகும், ஏற்கெனவே எழுதிய இனங்கள் ஏன் உடனே அழியவில்லை? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)